இன்னார் கையைப் போல

திருச்சியில் எனக்கு ஓர் ஓவிய நண்பர் இருக்கிறார். புகைப்படத்தைப் பார்த்து நீர்வண்ணத்தில் உருவப்படம் வரைந்து கொடுப்பதுதான் அவர் தொழில். அறுபதாம் கல்யாணம், புதுமனை புகுவிழா, சில சமயம் இறந்தவரின் நினைவு நாள் என்று ஆர்டர்கள் வரும். மெல்லிய பழுப்புக் கோட்டில் உருவத்தை எடுத்து, உள்ளே மங்கலான பச்சையும் காவியும் கரைத்து விடுவார். அவர் வரையும் மனிதர்களின் கண்கள் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பத்துப் படங்களுக்கு நடுவே வைத்தாலும் அது அவர் கை என்று சொல்லிவிடலாம்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது ஓர் இளைஞர் வந்தார். கைபேசியை நீட்டினார். திரையில் அவருடைய பெற்றோரின் உருவப்படம். பழுப்புக் கோடு, காவி, தாழ்ந்த கண்கள் எல்லாம் இருந்தன. நண்பர் அதை வரையவில்லை.

"அண்ணே, உங்க கை அப்படியே வந்திருக்கு பாருங்க. அப்பாவோட விரல் மட்டும் ஆறா வந்துருச்சு. அதை மட்டும் சரிபண்ணிக் குடுத்துட்டீங்கன்னா பிரிண்டுக்குக் குடுத்துடலாம்."

நண்பருடைய இணையப் பக்கத்திலிருந்து மூன்று ஓவியங்களை எடுத்து, பெற்றோரின் புகைப்படத்தோடு சேர்த்து ஒரு செயலியில் ஏற்றியிருக்கிறார். 'இந்தப் படங்களைப் போல இந்தப் போட்டோவை மாற்று' என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. நண்பரின் ஓவியங்களை உண்மையாகவே நேசிப்பவர். இல்லாவிட்டால் அந்த மூன்று படங்களை அவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். நண்பர் விரலைச் சரிசெய்து கொடுத்தார். பணம் வாங்கவில்லை. இளைஞர் போன பிறகு ஏன் என்று கேட்டேன். "விரலுக்கு என்ன விலை சொல்றது?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு கலைஞரின் கையைப் போலச் செய்யச் சொல்லி ஒரு கருவியிடம் புகைப்படத்தைக் கொடுக்கும்போது உண்மையில் எதை எடுக்கிறோம், யாரிடமிருந்து எடுக்கிறோம்? இதற்குப் பதில் தேடினால் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

புகைப்படத்தை ஓவியமாக்கும் வேலை புதிதல்ல. 2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கேட்டிஸ், எக்கர், பெத்கே என்ற மூன்று ஆய்வாளர்கள் தங்கள் ஊர் ஆற்றங்கரையின் புகைப்படத்தை வான்கோவின் விண்மீன் இரவு ஓவியம்போல மாற்றிக் காட்டினார்கள். ஒரு புகைப்படம், ஒரு ஓவியம். அந்த ஓவியத்தின் தூரிகைத் தடத்தையும் நிறச் சேர்க்கையையும் எடுத்துப் புகைப்படத்தின்மேல் படரவிடுவது. அடுத்த ஆண்டு வந்த கைபேசிச் செயலிகள் அதையே சில நொடிகளில் செய்தன. அப்போது பெரிய அறக்கேள்வி எழவில்லை. மாதிரியாக வைக்கப்பட்ட ஓவியர்களில் பெரும்பாலோர் இறந்து பல காலம் ஆனவர்கள். எடுக்கப்பட்டதும் ஓர் ஓவியத்தின் மேற்பரப்பு மட்டுமே.

இப்போதைய கருவிகளின் வழி வேறு. வீட்டுக் கணினியிலேயே ஓடக்கூடிய ஸ்டேபிள் டிஃப்யூஷன் இதைச் செய்யும் விதத்தைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 512க்கு 512 புள்ளிகள் கொண்ட புகைப்படத்தை அது முதலில் 64க்கு 64 கட்டங்கள் கொண்ட ஓர் எண் சுருக்கமாக மாற்றுகிறது. பிறகு அந்தச் சுருக்கத்தின்மேல் புழுதி தூவுவதுபோல இரைச்சலைக் கலக்கிறது. எவ்வளவு கலப்பது என்பதை `strength` என்ற அளவு தீர்மானிக்கிறது. அது 0 என்றால் புகைப்படம் அப்படியே இருக்கும். 1 என்றால் புகைப்படம் முழுக்கப் புழுதியில் மூழ்கிவிடும். அதன்பின் நாம் எழுதிய கட்டளைச் சொற்களின் வழிகாட்டலில் படிப்படியாக இரைச்சலை நீக்குகிறது. 50 படிகள் என்று வைத்து `strength` 0.6 கொடுத்தால், 30 படிகள் நடக்கும். புழுதியில் எது மறைந்ததோ அதைக் கருவி தனக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பும்.

இதை என் பெற்றோரின் புகைப்படத்தில் செய்து பார்த்தேன். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி உண்டு. 0.3இல் இரண்டும் இருந்தன. ஆனால் படம் நிறம் மாற்றிய புகைப்படமாகத்தான் இருந்தது. 0.5க்கு மேலே போனபோது ஓவியம் மாதிரி ஆகத் தொடங்கியது. வலது மூக்குத்தி ஒரு நிழல்போல மங்கியது. 0.75இல் மூக்குத்திகள் இரண்டும் போய்விட்டன. புடவைக் கரை வேறொன்றாகிவிட்டது. அப்பாவின் நெற்றியிலிருந்த திருநீறு ஒரு வெளிச்சத் திட்டு ஆனது. யாரோ ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அளவை நகர்த்த நகர்த்த எனக்கு ஒன்று புரிந்தது. அது வெறும் தொழில்நுட்ப அளவு இல்லை. 0.3இல் நான் பெரும்பாலும் என் வீட்டிலிருந்து எடுக்கிறேன். 0.75இல் பெரும்பாலும் வேறு எங்கிருந்தோ எடுக்கிறேன். அம்மாவின் முகம் குறையும் இடத்தில் எல்லாம் இன்னொருவருடைய உழைப்பு வந்து அமர்கிறது. யாருடையது? கட்டளையில் ஒரு கலைஞரின் பெயரை எழுதினால் அந்தக் கேள்விக்கு நாமே பதில் எழுதிவிடுகிறோம்.

பெயர் எப்படி இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குப் போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் அனுபவத்தைவிட நல்ல சான்று கிடையாது. டிராகன்கள், போர்க்களங்கள், பொன்னொளி சிந்தும் வானம் என்று கற்பனை விளையாட்டுகளுக்கு வரைபவர். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்தது. அடுத்த மாதமே, அப்படி உருவான படங்களைத் தொகுத்த ஒரு தேடுதளத்தில் அவர் பெயர் இடம்பெற்ற கட்டளைகள் ஏறக்குறைய 93,000 என்று கணக்கு வந்தது. பிக்காசோ, மைக்கலாஞ்சலோ போன்றவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றும் சுமார் 2,000 தடவைதான்.

உலகின் பெரும் ஓவியர்களைவிட இவர் பெயர் ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்தது? அவர் தம் படங்களை இணையத்தில் ஏற்றும்போது ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் விவரித்து எழுதியிருந்தார். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்ல உதவும் குறிப்புகள் அவை. படமும் அதன் விவரிப்பும் ஜோடியாகக் கிடைப்பதுதான் இந்தக் கருவிகளுக்குப் பாடப்புத்தகம். பார்க்க இயலாதவருக்காக அவர் எழுதிய வரிகள், அவர் பெயரை அவர் படங்களோடு கெட்டியாகப் பிணைக்கும் கயிறாகவும் ஆகிவிட்டன. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. நல்ல காரியம்தான் செய்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் பெயர் சட்டென்று பலனிழந்தது. அவர் படங்களை நீக்கிவிட்டார்கள் என்று பயனர்கள் சத்தம் போட்டார்கள். தயாரித்த நிறுவனமோ அப்படிக் குறிவைத்து நீக்கவில்லை என்றது. மாறியது வேறு: கட்டளைச் சொற்களைப் படித்துப் பொருள்கொள்ளும் உறுப்பை அவர்கள் மாற்றியிருந்தார்கள். பழைய உறுப்புக்கு அவர் பெயர் நன்றாகத் தெரிந்திருந்தது, புதியதற்குத் தெரியவில்லை. பொன்னொளி வானத்தை வரையும் திறன் கருவிக்குள் எப்படியோ இருந்திருக்கலாம். அதைத் திறக்கும் சாவி தொலைந்துவிட்டது. சாவி அவருடைய பெயர். 2023இல் ஆர்வலர்கள் அவருடைய பாணிக்கென்று தனி இணைப்புக் கோப்பு ஒன்றைச் செய்து அந்தச் சாவியை மீண்டும் வார்த்துக்கொண்டார்கள். அவர் விரும்பவில்லை என்பது அதற்குள் உலகத்துக்கே தெரிந்திருந்தது.

அவருடைய கவலை திருட்டைப் பற்றியது மட்டுமல்ல. தம் பெயரை இணையத்தில் தேடியபோது தாம் வரையாத படங்கள் தம் பெயரோடு வந்து நின்றதைச் சொன்னார். இப்படியே போனால் தம் படங்களைத் தாமே கண்டுபிடிக்க முடியாமல் போகும் என்றார். ஓவியருக்கு விலாசம் பெயர்தான். வேலை தேடி வருபவர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். அந்த விலாசத்தில் ஆயிரம் அந்நியர்களைக் குடிவைத்துவிட்டால், வீட்டில் எதுவும் களவு போகாவிட்டாலும் வீட்டுக்காரருக்கு நட்டம்தான்.

பெயரே தெரியாத கருவியாக இருந்தால்? நானும் அதைச் செய்து பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். சிறுவயது முதல் வார இதழ்களில் பார்த்து வளர்ந்த, இன்றும் வரைந்துகொண்டிருக்கும் தமிழ் ஓவியர் ஒருவரின் பெயரை என் கணினியில் எழுதிப் பார்த்தேன். கருவிக்கு அவரைத் தெரியவில்லை. பெரிய பொட்டும் வடநாட்டு நகைகளுமாக ஏதோ ஒரு பொது 'இந்திய' முகத்தைக் கொடுத்தது. முதலில் நிம்மதியாக இருந்தது. நம்முடைய இதழ் ஓவியங்களில் பெரும்பங்கு இணையத்தில் விவரிப்போடு ஏறவில்லை. அதனால் அவர்கள் தப்பித்தார்கள் என்று நினைத்தேன். அந்த நிம்மதி நிற்கவில்லை. தெரியாததைக் கற்பிக்க அதிகம் தேவையில்லை என்பதைக் காட்டும் இன்னொரு கதை இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் இருப்பவர் ஹாலி மெங்கர்ட். குழந்தைகளுக்கான புத்தகங்களுக்கும் டிஸ்னி போன்ற நிறுவனங்களுக்கும் வரைபவர். 2022 அக்டோபர் வாக்கில் அவருக்குத் தெரியாமலே அவருடைய பாணிக்கென்று ஒரு மாதிரியைக் கனடாவில் படிக்கும் பொறியியல் மாணவர் ஒருவர் தயாரித்து வெளியிட்டார். அதற்குப் பயன்பட்டவை அவருடைய 32 ஓவியங்கள். வாடகைக்கு எடுத்த கணினியில் சுமார் இரண்டரை மணி நேரம். செலவு 2 டாலருக்கும் குறைவு. அந்த மாதிரிக்கு மெங்கர்ட்டின் பெயரையே வைத்தார். ஆண்டி பெய்யோ என்ற எழுத்தாளர் இரு தரப்பிடமும் பேசி நவம்பர் 1 அன்று எழுதிய கட்டுரை மூலம்தான் இந்த விவரங்கள் வெளிவந்தன.

மெங்கர்ட் சொன்னவற்றில் இரண்டு என்னைத் தடுத்து நிறுத்தின. அந்த 32இல் பல, வாடிக்கையாளர் நிறுவனங்களுக்காக வரைந்தவை. அவற்றின் உரிமை அவரிடம் இல்லை. யாராவது முறையாக வந்து அனுமதி கேட்டிருந்தாலும் அவரால் கொடுத்திருக்க முடியாது. அனுமதி கேட்பது மரியாதை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சில நேரம் அந்த அனுமதி கலைஞரின் கையிலேயே இல்லை. இரண்டாவது, வந்த படங்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: தூரிகைத் தடமும் நிறமும் ஓரளவு தம்முடையவைபோல இருக்கின்றன, ஆனால் இந்தப் படங்களைத் தாம் இப்படி யோசித்திருக்க மாட்டார். தமக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத ஒன்றில் தம் பெயர் ஒட்டியிருந்தது என்பதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

கட்டுரை வந்தபின் அந்த மாதிரியின் பெயர் மாற்றப்பட்டது. பொதுவாக ஓவியத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை வைத்தார்கள். ஆனால் கட்டளையில் தட்டச்ச வேண்டிய சொல் மாறவில்லை. விளக்கப் பக்கத்தில் சரியான சொல் என்று தரப்பட்டிருந்தது இதுதான்:

```
holliemengert artstyle
```

கதவில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். பூட்டு மட்டும் அந்தப் பெயருக்குத்தான் திறந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. பார்த்து வரைவதில்தானே எல்லா ஓவியர்களும் தொடங்கினார்கள்? மணியம் 'கல்கி'யில் பொன்னியின் செல்வனுக்கு வரைந்த கோடுகளைப் பார்த்து ஒரு தலைமுறையே வரையக் கற்றது. அவர் மகன் மணியம் செல்வன் அப்பாவின் கையிலிருந்து புறப்பட்டுத்தான் தம் கையைக் கண்டடைந்தார். தஞ்சாவூர் ஓவியம் போடுபவர் குருவின் வேலையை அச்சாகச் செய்யாமல் தேறுவதில்லை. சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. எண்ணத்துக்கும் பாணிக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொல்லும் குறிப்பிட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்பது உலகெங்கும் உள்ள நிலை. நம் உச்ச நீதிமன்றமும் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் எண்ணத்துக்கு உரிமை கோர முடியாது என்பதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். பாணிக்கு உரிமை என்று வந்துவிட்டால் அதை வைத்துக்கொள்ளப்போவது திருச்சி நண்பர் அல்ல. ஆயிரம் ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள்தான் கோட்டுக்கும் நிறத்துக்கும் வேலி போடும்.

ஆனால் பார்த்துப் பழகும் மாணவருக்கும் இந்தக் கருவிக்கும் வித்தியாசம் இருக்கிறது, அது திறமையின் அளவில் இல்லை. குருவின் கோட்டைப் பத்து வருடம் போட்டுப் பார்க்கும் மாணவர் அந்தப் பத்து வருடத்தில் மாறுகிறார். அவருடைய மணிக்கட்டு, பார்வை, பொறுமை எல்லாம் மாறுகின்றன. கடைசியில் அவரால் குருவைப் போலவே போட முடியாமல் போகிறது. அங்கேதான் அவருடைய கை தொடங்குகிறது. பெயரைத் தட்டச்சுகிறவரிடம் எதுவும் மாறுவதில்லை. இன்னொன்று, ஒரு மாணவர் போட்டிக்கு வந்தால் அவர் இன்னொரு ஓவியர்தான். அவருக்கும் ஒரு நாளைக்கு அதே மணி நேரங்கள்தான். 93,000 என்ற எண்ணை எந்தப் பள்ளியும் உருவாக்கியதில்லை. முக்கியமாக, குருவுக்கு மறுக்கும் இடம் இருந்தது. வீட்டுக்கு வராதே என்று சொல்லலாம், என் பெயரைச் சொல்லாதே என்று சொல்லலாம். ருட்கோவ்ஸ்கி வெளிப்படையாகவே வேண்டாம் என்றார். அதன் பிறகும் சாவி வார்க்கப்பட்டது.

ஆகவே பாணி யாருக்குச் சொந்தம் என்பதைவிட, நான் யாரைச் சுட்டுகிறேன், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. பெயரைச் சொல்லிச் சுட்டலாம். திருச்சிக்கு வந்த இளைஞரைப்போலப் பெயரே சொல்லாமல் மூன்று படங்களை நீட்டியும் சுட்டலாம். இரண்டும் ஒன்றுதான்.

கருவி செய்பவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2025 மார்ச் 25 அன்று ஓப்பன்ஏஐ தன் புதிய படம் உருவாக்கும் வசதியை வெளியிட்டபோது, உயிரோடு இருக்கும் கலைஞரின் பாணியில் கேட்டால் மறுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்திருப்பதாக ஆவணத்திலேயே எழுதியது. அதே வாரத்தில்தான் உலகமே, நம் உறவினர் வாட்ஸ்அப் படங்கள் உட்பட, ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி வடிவத்துக்கு மாறியது. தனிப்பட்ட கலைஞருக்குத் தடை, ஸ்டுடியோவின் பொதுப் பாணிக்கு அனுமதி என்று நிறுவனம் விளக்கம் சொன்னது.

இந்தப் பிரிவினை எனக்கு ஏற்கும்படியாக இல்லை. ஹயாவோ மியாசாகி 1941இல் பிறந்தவர், உயிரோடு இருக்கிறார். கிப்லி என்று நாம் சொல்லும் அந்த ஈரப்பச்சைப் புல்வெளியும் குவிந்த வெண்மேகமும் ஒரு ஸ்டுடியோவின் சுவரிலிருந்து முளைக்கவில்லை. 1988இல் வந்த டோட்டோரோ படத்தின் கலை இயக்குநர் கசுவோ ஓகா, போஸ்டர் வண்ணங்களில் கையால் தீட்டித் தீட்டி அந்தப் பின்னணியை உருவாக்கினார். இன்னொரு படத்தில் நான்கே நொடிகள் ஓடும் ஒரு கூட்டக் காட்சிக்கு எய்ஜி யமமோரி என்ற அசைவோவியர் ஒன்றேகால் வருடம் உழைத்தார். ஒருவராக இருந்தால் மறுப்பு, பலராகச் சேர்ந்து உழைத்தால் அனுமதி என்றால், கூட்டாக வேலை செய்பவர்களின் கைக்கு மட்டும் காவல் கிடையாது என்று ஆகிறது. படத்தையே நேரடியாக நீட்டிச் சுட்டும்போது பெயர் பார்த்து மறுக்கும் ஏற்பாட்டுக்குப் பிடிக்க எதுவும் இருப்பதில்லை. திருச்சியில் நடந்தது அதுதான்.

அந்த நாட்களில் மியாசாகியின் பெயரில் ஒரு பழைய காணொளி வேகமாகப் பரவியது. 2016இல் ஜப்பானியப் பொதுத் தொலைக்காட்சியின் ஆவணப்படத்தில், செயற்கை நுண்ணறிவு செய்த ஓர் அசைவைப் பார்த்து அவர் அது உயிருக்கே அவமானம் என்று சொல்வார். அதை அவர் கிப்லிப் படங்களைப் பற்றிச் சொன்னதாகப் பலர் பகிர்ந்தார்கள். அது உண்மையல்ல. அவருக்கு அன்று காட்டப்பட்டது தலையைக் காலாகப் பயன்படுத்தித் தரையில் நெளியும் ஓர் உருவம். அசையவே சிரமப்படும் மாற்றுத்திறனாளி நண்பர் ஒருவரை நினைத்து அவர் அப்படிச் சொன்னார். ஒருவருடைய கோட்டை அவர் அனுமதியில்லாமல் எடுப்பது தவறென்றால், அவருடைய சொல்லை இடம்மாற்றி எடுப்பதும் தவறுதான், நம் கட்சிக்கு அது உதவினாலும்.

பாணி வெறும் நிறமும் கோடும் இல்லை என்பதை அதே வாரத்தில் நடந்த வேறொன்று காட்டியது. மார்ச் 27 அன்று அமெரிக்க வெள்ளை மாளிகையின் அதிகாரப்பூர்வ எக்ஸ் பக்கத்தில் ஒரு படம் வந்தது. குடியேற்ற அதிகாரிகள் கைது செய்த ஒரு பெண், விலங்கிட்ட கைகளோடு அழும் புகைப்படம், அந்த மென்மையான கிப்லி முகமாக மாற்றப்பட்டிருந்தது. குழந்தைகளின் பயத்தையும் வியப்பையும் வரைய உண்டாக்கப்பட்ட கண்ணீர்த்துளி அங்கே ஒரு கைதியை ஏளனம் செய்யப் பயன்பட்டது. ஈராக் போர் காரணமாக ஆஸ்கர் விருது வாங்க அமெரிக்கா போகாமல் இருந்தவர் மியாசாகி. அந்தப் பெண் என்ன குற்றம் செய்தார் என்பது நீதிமன்றத்தின் வேலை. அவரிடம் யாரும் படத்தை மாற்றலாமா என்று கேட்கவில்லை, ஸ்டுடியோவிலும் கேட்கவில்லை. ஒரே படத்தில் இரண்டு பேர் சம்மதமில்லாமல் இழுத்துவரப்பட்டார்கள்: புகைப்படத்தில் இருப்பவர் ஒருவர், எந்தக் கையில் வரையப்பட்டதாகத் தோன்றுகிறதோ அந்தக் கைக்காரர் இன்னொருவர். நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு, தம் படைப்பைத் தம் மதிப்புக் குலையும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. ஆனால் அதுவும் ஒரு குறிப்பிட்ட படைப்பைக் காக்கத்தான். அவர் வரையாத ஒன்று அவர் வரைந்ததுபோல நின்றால் அந்தப் பிரிவைக் கொண்டு அதைத் தொடுவது கடினம்.

சரி, கலைஞரின் பெயரைக் கீழே நன்றியோடு போட்டுவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் ருட்கோவ்ஸ்கிக்கு வந்த கஷ்டமே அவர் பெயரை எல்லோரும் போட்டதால் வந்தது. 'இன்னார் பாணி' என்று எழுதி ஏற்றும் ஒவ்வொரு படமும், அவர் வரையாத ஒன்றை அவர் பெயரோடு பிணைக்கும் இன்னொரு ஜோடி. நாளைய கருவி அதையும் படித்து அவரைத் தப்பாகக் கற்றுக்கொள்ளும். பெயரை விட்டுவிட்டாலோ எடுத்த இடத்தை மறைத்தவர்களாகிறோம். போட்டாலும் தவறு, போடாவிட்டாலும் தவறு என்றால், முடிச்சு படக்குறிப்பில் இல்லை. படத்தைச் செய்யச் சொன்ன இடத்திலேயே விழுந்துவிட்டது. பின்னால் எழுதும் எந்த வரியும் அதை அவிழ்க்காது.

அதனால் பெற்றோரின் படத்துக்கு நான் வேறு வழியை எடுத்தேன். யார் பெயரும் இல்லை, யார் படமும் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று எழுதுவது. எழுத உட்கார்ந்தபோதுதான், 'இன்னாரைப் போல' என்று சொல்லும்போது எவ்வளவு யோசனையை அவர் தலையில் கட்டிவிடுகிறோம் என்பது தெரிந்தது. எந்தத் தாள்? கோடு கருப்பா பழுப்பா? ஒளி எந்தப் பக்கம்? பெயரை எழுதிய அன்று இவற்றில் ஒன்றைக்கூட நான் தீர்மானிக்கவில்லை. அரைமணி நேரம் எழுதி அழித்து, கடைசியில் நின்றது இது:

```
elderly South Indian couple seated, watercolour on rough paper,
thin brown ink outline, muted green and ochre, lowered eyes
strength 0.55, steps 40
```

படம் நன்றாகவே வந்தது. வலது மூக்குத்தியை மட்டும் நானே கையால் சேர்த்தேன். சட்டமிடக் கொடுப்பதற்கு முன்னால் எழுதியதை இன்னொரு தடவை படித்தேன். மெல்லிய பழுப்புக் கோடு. மங்கிய பச்சை, காவி. தாழ்ந்த கண்கள். பெயரை எழுதவில்லை, ஆனால் திருச்சி நண்பரைத்தான் வரிக்கு வரி எழுதியிருந்தேன். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து என் கண்ணில் ஊறியது, எனக்கே தெரியாமல் சொல்லாக வந்திருக்கிறது. பெயரைத் தவிர்ப்பதே போதும் என்று நான் நம்பியது அந்த இடத்தில் ஆட்டம் கண்டது.

போன் செய்து, எழுதியதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பழுப்புக் கோடு எங்க வாத்தியார் கிட்டயிருந்து வந்தது. அவருக்கு யார்கிட்டயிருந்து வந்துச்சோ. அதை நீங்க போட்டுக்கங்க. பச்சையும் காவியும் யார் வேணும்னாலும் கரைக்கலாம். அந்தக் கண்ணு மட்டும் நான் ரொம்ப நாள் போட்டுப் போட்டுப் பிடிச்சது சார். அதை விட்டுடுங்களேன்."

`lowered eyes` என்ற இரண்டு சொற்களை நீக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். இப்போது கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அம்மா நேராகப் பார்க்கிறார். புகைப்படத்திலும் அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.